தோல் ஷூ: ஷூ ட்ரீ வாங்கியும் செய்கிற தவறுகள்

ஒரே கறுப்பு ஷூவை வாரம் ஆறு நாளும் போட்டால் அது உள்ளிருந்து கெடும். காலின் வியர்வை உள் தோலிலும் இன்சோலிலும் ஊறுகிறது. சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் ஓர் இரவில் அது முழுதாகக் காயாது. மறுநாள் அதே ஈரத்தோடு மடங்கி மடங்கி, விரல்கள் வளையும் இடத்தில் சுருக்கம் ஆழமாகி அங்கேயே வெடிக்கும். கழற்றி ஒரு நாள் கழித்தும் விரல் விட்டால் உள்ளே சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். குறைந்தது இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று இருந்தால் நல்லது.

ஷூவுக்குள் செருகி வைக்கும் கால் வடிவ அச்சுதான் ஷூ ட்ரீ. அதை ஈரம் உறிஞ்சும் கருவியாக மட்டும் நினைப்பது அடுத்த தவறு. அதன் முதல் வேலை வடிவத்தைக் காப்பது. காயும்போது தோல் சுருங்கும். உள்ளே பிடிமானம் இருந்தால் மடிப்புகள் ஓரளவு நிமிர்ந்தபடி காயும். ஆகவே கழற்றியதும் லேஸை நன்றாகத் தளர்த்தி, நாக்கை மேலே இழுத்துவிட்டு, தோல் சூடாக இருக்கும்போதே ட்ரீயைப் போடுங்கள். இது வார்னிஷ் பூசாத சிடார் மர ட்ரீக்கு. பிளாஸ்டிக்கோ வார்னிஷ் அடித்த மரமோ ஈரத்தை இழுக்காது. அப்படியானால் ஒரு மணி நேரம் காற்றாட வைத்துவிட்டுப் போடுங்கள்.

அளவு பெரிதாக இருந்தால் நன்றாக இழுத்துப் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். சுருக்கம் நிமிர வேண்டும், பக்கத் தையல் விரியக் கூடாது. ஸ்பிரிங் கம்பி நுனியில் சின்ன உருண்டை உள்ள மலிவு வகை, குதிகாலை ஒரே புள்ளியில் தள்ளி அங்கே புடைக்க வைக்கும். குதிகால் பகுதி அகலமாக உள்ளதையே எடுங்கள்.

மழையில் தொப்பலாக நனைந்தால் ட்ரீ உடனே வேண்டாம். துணியால் ஒற்றி, செய்தித்தாளைத் தளர்வாக அடைத்து, அடிப்பாகத்திலும் காற்றுப் படும்படி பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். தாள் ஈரமானதும், முதல் சில மணி நேரம் அடிக்கடி, மாற்றுங்கள். லேசான ஈரம் மட்டும் மிஞ்சும்போது ட்ரீ. மறுநாள் வேண்டுமே என்று வெயிலிலோ ஹேர் டிரையர் முன்னோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், ஒட்டிய சோல் பிரியவும் கூடும். ஃபேன் காற்று போதும்.

காயாத ஷூவைக் கதவு மூடிய அலமாரியிலோ பிளாஸ்டிக் பையிலோ வைத்தால் சில நாளில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். மாற்றிப் போட வேண்டும் என்பதற்காக நாலைந்து ஜோடி வாங்கி அடுக்கவும் வேண்டாம். பாலியூரிதேன் எனும் பியூ சோல் உள்ளவை, போடாமல் வைத்தாலும் காற்றின் ஈரத்திலேயே சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். அதற்கு எந்த ட்ரீயும் உதவாது.