ஆறு அட்டவணைகளை ஒரே ஆட்ஸ் ரேஷியோவாக்கும்போது தவறுவது எங்கே?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-ஆம் ஆண்டு முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்தவர்களின் தரவு புள்ளியியல் மாணவர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். அதிலிருந்து ஆறு பெரிய துறைகளின் எண்கள் R மென்பொருளில் `UCBAdmissions` என்ற பெயரில் கூடவே வருகின்றன. ஒவ்வொரு துறைக்கும் ஒரு 2×2 அட்டவணை உண்டு. ஒரு பக்கம் ஆண், பெண். மறுபக்கம் இடம் கிடைத்தது, கிடைக்கவில்லை. இந்த ஆறையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் வழியை நேதன் மேன்டல், வில்லியம் ஹேன்செல் இருவரும் 1959-இல் தந்தார்கள். கணக்கு எளிது. தவறுகள் நடப்பது அதற்கு முன்பும் பின்பும்தான்.

முதல் தவறு, ஆறு அட்டவணைகளையும் அப்படியே கூட்டி ஒன்றாக்குவது. கூட்டினால் ஆண்களில் 1198 பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது, 1493 பேருக்குக் கிடைக்கவில்லை. பெண்களில் 557 பேருக்குக் கிடைத்தது, 1278 பேருக்கு இல்லை. கிடைத்தவர்களைக் கிடைக்காதவர்களால் வகுத்தால் வருவது ஆட்ஸ். ஆண்களின் ஆட்ஸைப் பெண்களின் ஆட்ஸால் வகுத்தால் ஆட்ஸ் ரேஷியோ. 1 என்றால் இருவருக்கும் சமம். இங்கே 1.84. ஆண்களுக்குப் பெரும் சாதகம் என்று தோன்றும். ஆனால் ஆண்களில் பாதிப்பேர் ஏ, பி என்ற இரண்டு துறைகளுக்கு விண்ணப்பித்தவர்கள். அங்கே இடம் கிடைப்பது எளிது. அவ்விரண்டுக்கும் விண்ணப்பித்த பெண்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். மற்றவர்கள் போட்டி கடுமையான துறைகளுக்குப் போனார்கள். யார் எந்தத் துறைக்குப் போனார்கள் என்பதும் அந்த 1.84-க்குள் கலந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து செய்வது, ஆறு ஆட்ஸ் ரேஷியோவையும் தனித்தனியாகக் கணக்கிட்டு சராசரி எடுப்பது. ஏ முதல் எஃப் வரை அவை 0.35, 0.80, 1.13, 0.92, 1.22, 0.83. சராசரி 0.88. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது ஆணுக்குப் பெண் என்று திருப்பிப் போட்டு அதே சராசரியை எடுத்துப் பாருங்கள்: 1.35 வரும். அதன் தலைகீழ் 0.74. ஒரே தரவு, யாரை முதலில் எழுதினோம் என்பதற்கேற்ப 0.88 என்றும் 0.74 என்றும் சொல்கிறது. விகிதங்களை நேரடியாகச் சராசரி எடுத்தால் இந்த முரண்பாடு வராமல் இருக்காது. போதாததற்கு, 25 பெண்கள் மட்டுமே உள்ள பி துறைக்கும் 593 பெண்கள் உள்ள சி துறைக்கும் இந்தச் சராசரியில் ஒரே மதிப்பு.

மேன்டல்-ஹேன்செல் கணக்கு இப்படி:

```
OR_MH = Σ(a·d/n) / Σ(b·c/n)
```

இங்கே a இடம் கிடைத்த ஆண்கள், b கிடைக்காத ஆண்கள், c கிடைத்த பெண்கள், d கிடைக்காத பெண்கள், n அந்தத் துறையின் மொத்தம். மேல்கூட்டல் 145.78, கீழ்க்கூட்டல் 161.14, விடை 0.905. திருப்பிப் போட்டாலும் சரியாக இதன் தலைகீழே கிடைக்கும். ஒவ்வொரு துறையின் எடையும் b·c/n தான். அதனால் 933 பேர் உள்ள ஏ துறையைவிட 792 பேர் உள்ள டி துறைக்கு எடை அதிகம்: ஏ துறையில் பெண்கள் 108 பேர்தான், டி துறையில் இரு பாலாரும் கிட்டத்தட்ட சரிபாதி. ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் மொத்த எண்ணிக்கை பெரிதாக இருந்து பயனில்லை.

கையால் அட்டவணை தட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறில் ஒன்றில் மட்டும் பெண் வரிசை மேலே வந்துவிட்டால் மென்பொருள் எதுவும் சொல்லாது. ஏ துறையை அப்படித் திருப்பினால் விடை 0.905-இலிருந்து 1.17-க்குத் தாவி, 1-இன் மறுபக்கம் போய்விடும். R-இல் இன்னொன்று: எதை வைத்துப் பிரிக்கிறோமோ அது கடைசிப் பரிமாணமாக இருக்க வேண்டும். இங்கே துறை கடைசியில் இல்லாவிட்டால் `df = 1` இருக்க வேண்டிய இடத்தில் 5 வரும், பொது ஆட்ஸ் ரேஷியோவே வராது. அதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பிரிக்கும் மாறியும் இரண்டே வகை உள்ளதென்றால் அந்த அடையாளமும் இருக்காது.

இனி, நான் மிகவும் கவலைப்படும் தவறு.

```
mantelhaen.test(UCBAdmissions)
apply(UCBAdmissions, 3, function(x)
  (x[1,1]*x[2,2]) / (x[1,2]*x[2,1]))
```

முதல் வரியின் விடை: பொது ஆட்ஸ் ரேஷியோ 0.905, 95% நம்பக இடைவெளி 0.77 முதல் 1.06 வரை, p மதிப்பு 0.23. பலர் இங்கேயே நிறுத்தி, 'எந்தத் துறையிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த p மதிப்பு அதைச் சொல்லவில்லை. ஆறு துறைகளுக்கும் ஆட்ஸ் ரேஷியோ ஏறத்தாழ ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு, அந்த அளவு 1-லிருந்து விலகியிருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. ஒரு துறை மேலேயும் இன்னொன்று கீழேயும் இழுத்தால் இரண்டும் அடித்துக்கொண்டு போய், வேறுபாடே இல்லாததுபோல் தெரியும்.

அதனால்தான் அடுத்த கட்டளை. ஏ துறையில் விண்ணப்பித்த ஆண்களில் 62 சதவீதத்தினருக்கும் பெண்களில் 82 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. ஆட்ஸ் ரேஷியோ 0.35. மற்ற ஐந்தும் 0.80-க்கும் 1.22-க்கும் இடையில். ஆறும் ஒன்றுதானா என்று உல்ஃப் சோதனையால் பார்த்தால் கை-வர்க்க மதிப்பு 17.9, p 0.003. அந்த 17.9-இல் ஏறத்தாழ 14 ஏ துறை ஒன்றிலிருந்தே வருகிறது. அதை நீக்கிவிட்டு மற்ற ஐந்தையும் சேர்த்தால் பொது ஆட்ஸ் ரேஷியோ 1.03. ஆக, 0.905 என்பது ஆறு துறைகளுக்கும் பொதுவான நிலைமை அல்ல. ஏ துறையில் பெண்களுக்குத் தெளிவான சாதகம், மற்றவற்றில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதே இந்தத் தரவுக்கு நேர்மையான விடை.

ஆனால் உல்ஃப் சோதனையின் p மதிப்பு பெரிதாக வந்தால் மட்டும் நிம்மதியாகிவிடக் கூடாது. துறைக்கு இருபது முப்பது பேர் என்றால் பெரிய வித்தியாசத்தைக்கூட அந்தச் சோதனை பிடிக்காது. தனித்தனி ஆட்ஸ் ரேஷியோக்களை இடைவெளிகளோடு வரிசையாக வைத்துக் கண்ணால் பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும், எதை வைத்துப் பிரித்தோம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. துறை என்பது பாலினத்துக்கு முன்பே இருந்த ஒன்றல்ல. விண்ணப்பதாரரே தேர்ந்தெடுப்பது, பள்ளிக் காலத்திலிருந்து யாரை எந்தப் பாடத்துக்குத் தள்ளினார்கள் என்பதன் விளைவும் அதில் உண்டு. துறைவாரியாகப் பிரித்துச் சேர்த்த எண், 'ஒரே துறைக்கு விண்ணப்பித்த ஆணையும் பெண்ணையும் தேர்வுக்குழு எப்படி நடத்தியது' என்ற கேள்விக்குப் பதில். 'முதுநிலைப் படிப்பை எட்டும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றா' என்ற கேள்விக்கு அது பதிலே அல்ல. 1975-இல் இந்தச் சேர்க்கையை ஆராய்ந்து எழுதிய பீட்டர் பிக்கலும் சக ஆய்வாளர்களும், தேர்வுக்குழுக்கள் பெண்களுக்கு எதிராக நடந்ததாகப் பொதுவான தடயம் இல்லை என்று கண்டபோதும், துறைத் தேர்வுக்குப் பின்னால் இருக்கும் சமூகக் காரணங்களைச் சுட்டிக்காட்டவே செய்தார்கள். நீங்கள் எழுதும் கட்டுரையின் தலைப்பில் இருப்பது இந்த இரண்டாவது கேள்வி என்றால், அட்டவணைகளைத் துறைவாரியாகப் பிரித்ததே தவறான தொடக்கம்.