கலியாணக் குறிப்பை ஒரே பக்கத்தில் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஒரு குடும்பத்தில், 1998 யூன் 17 காலை பிறந்த மகளுக்குப் பயோடேட்டா தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழ் ஒரு கோப்பிலும், பிறந்த நேரம் தகப்பனாரின் பழைய டயரியிலும், படிப்பு விவரம் மகளின் கைப்பேசியிலும், சித்தப்பா வீட்டு விவரம் கனடாவிலிருந்து வந்த குரல் பதிவிலும் கிடக்கும். இவற்றைக் கிடைத்த வரிசையிலேயே தட்டச்சு செய்வதுதான் முதல் தவறு. அப்படிச் செய்தால் மாமாவின் உத்தியோகம் இரண்டாம் வரியிலும் பெண்ணின் உத்தியோகம் கடைசியிலும் வந்து நிற்கும். எழுதத் தொடங்குமுன் தன்விவரம், கல்வியும் தொழிலும், குடும்பம், சாதகம், தொடர்பு என ஐந்து தலைப்புகளை வெற்றுத் தாளில் இட்டு, ஒவ்வொரு தகவலையும் அதற்குரிய தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டால், எது விடுபட்டிருக்கிறது, எது இரண்டு முறை வந்திருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது சாதகப் பகுதிக்கே. இலங்கையின் கடிகாரம் 1996 மே 25 அன்று ஒரு மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபர் 26 முதல் அரைமணி மட்டும் முன்னாக நின்று, 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழைய நிலைக்குத் திரும்பியது. இன்று வரன் பார்க்கப்படும் பிள்ளைகளில் பலர் அந்த இடைவெளியில் பிறந்தவர்கள். நம் உதாரணத்தில் டயரியில் ‘காலை 6.05’ என்று மட்டும் இருக்கிறது. அது வைத்தியசாலைக் கடிகாரத்தின் புதிய நேரமானால், பழைய நேரப்படி 5.35 ஆகும். அந்த நாட்களில் திருகோணமலையில் சூரியன் உதிப்பது பழைய நேரம் ஏறத்தாழ 5.47க்கு. எனவே 6.05 என்பதை அப்படியே இன்றைய நேரமாகக் கொண்டு கணித்தால் மிதுன லக்கினமும் புதன்கிழமையும் வரும். அரைமணி கழித்துக் கணித்தால் ரிஷப லக்கினம் வரும் என்பதோடு, உதயத்துக்கு முன் பிறந்ததால் கிழமையும் செவ்வாய் என்றே கொள்ளப்படும். நட்சத்திரம் பெரும்பாலும் மாறாதிருப்பதால் வீட்டார் ஐயம் கொள்வதில்லை; ஆனால் லக்கினம் மாறினால் செவ்வாய் நிற்கும் வீடும் மாறும், செவ்வாய் குற்றம் உண்டு அல்லது இல்லை என்ற முடிவே தலைகீழாகிவிடக்கூடும்.

இதற்கு மாறான தவறும் நடக்கிறது. சாதகம் எழுதிய சோதிடர் அரைமணியை ஏற்கெனவே கழித்திருக்க, வீட்டார் மறுபடியும் கழிப்பார்கள். அக்காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பழைய நேரமே புழங்கியதால், அங்கே பிறந்தவரின் நேரத்தை இங்குள்ள கணக்கில் திருத்துவதும் பிழையே. ஆகவே பயோடேட்டாவில் ‘காலை 6.05 (புதிய நேரம்), திருகோணமலை’ என்று இடத்தையும் நேர வகையையும் சேர்த்தே எழுத வேண்டும். வாக்கியமா, திருக்கணிதமா என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவிட்டால், மாப்பிள்ளை வீட்டுச் சோதிடர் வேறு கணக்கோடு ஒப்பிட்டுக் குழம்பமாட்டார். ராசி, நவாம்சக் கட்டங்களைப் பக்கத்தில் திணிப்பதைவிடத் தனித் தாளில் கேட்கும்போது கொடுப்பதே நல்லது. ஒரு பக்கத்தை இரண்டாக்குவது பெரும்பாலும் அந்தக் கட்டங்கள்தான்.

குடும்பப் பகுதியில் ‘சகோதரர்கள் மூவர்’ என்று எழுதி நிறுத்துவதால் பயனில்லை. அண்ணா ஒருவர், மணமானவர், இலண்டன். தங்கைகள் இருவர், படிக்கிறார்கள் என்று விரித்தால்தான் அடுத்த கேள்வி எழாது. இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் பூர்வீகத்தையும் தற்போதைய வதிவிடத்தையும் ஒரே வரியில் கலந்துவிடுகின்றன. பூர்வீகம் சாம்பல்தீவு, வதிவிடம் உவர்மலை என இரண்டு வரி போதும். தகப்பனார் காலமாகியிருந்தால் பெயருக்கு முன் ‘அமரர்’ என்பதை விட்டுவிடக்கூடாது. பேச்சு எடுக்க வருபவர் அவரையே விசாரித்துச் சங்கடப்பட நேரும்.

தொடர்புப் பகுதியில் வீட்டு இலக்கமும் அடையாள அட்டை எண்ணும் வேண்டாம். தரகர் கைக்குப் போன தாள் எத்தனை வட்ஸ்அப் குழுக்களுக்குப் போகும் என்று எவரும் சொல்ல முடியாது. பெற்றோரில் ஒருவரது தொலைபேசி எண் போதுமானது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகவே திறக்கும். யூனிகோட்டில் அடித்து, பிடிஎப் ஆக்கி, முதலில் வீட்டிலுள்ள இன்னொருவரது கைப்பேசிக்கு அனுப்பித் திறந்து பார்க்க வேண்டும். அந்தச் சிறிய திரையில் பெரிதாக்காமல் பிறந்த நேர வரி வாசிக்க முடியாவிட்டால், எழுத்தைச் சுருக்கி இடம் பிடித்திருக்கிறோம் என்று பொருள், அப்போது குறைக்க வேண்டியது மாமா, சித்தப்பா விவரங்களையே.