ரெக்சின் பை கிழிந்ததும் நான் மாற்றியவையும்

கல்லடியில் வீட்டிலிருந்தே தைக்கிறேன். மகளுக்கு ரெக்சினில் தைத்த தோள்பையின் பிடி இரண்டே நாளில் தையல் கோட்டோடு கிழிந்து வந்தது, தபால் முத்திரையைப் பிரிப்பதுபோல.

கிழிந்த ஓரத்தைப் பார்த்தேன். ஓட்டைகள் நெருக்கி நெருக்கி இருந்தன. துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷினின் இரும்புக் கால் ரெக்சினில் ஒட்டிக்கொள்ள, ரெக்சின் நகராமல் ஊசி ஒரே இடத்தில் குத்தியிருக்கிறது. போதாததற்கு நான் போட்டிருந்தது தோல் ஊசி. அதன் நுனி கத்திபோல வெட்டும். உண்மைத் தோலுக்கு அதுதான் வேண்டும். ரெக்சினில் அந்த வெட்டே கிழிசலாகிவிடும்.

இரண்டாவது பைக்கு 90/14 அளவு ஜீன்ஸ் ஊசி போட்டேன். ரெக்சினில் ஒட்டாத டெஃப்லான் கால் வாங்கும் வரை இரும்புக் காலின் அடியில் மங்கலான செலோடேப் ஒட்டி, ஊசித் துளையை வெட்டிவிட்டேன். தையல் நீளம் 3.5 மில்லிமீட்டர். முடிவில் பின்தையல் போடாமல் நூல்களை உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டேன்.

குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை மூடாது. அதனால் உடுப்புக் காயப்போடும் சின்னக் கிளிப்புகளை ஓரத்தில் மாட்டி, கால் கிட்ட வரும்போது ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

அப்புறம் பழைய தோல் பையொன்றை வெட்டி, 100/16 தோல் ஊசியால் தைத்தேன். மெல்லிய தோல் இரண்டு மடிப்புச் சரி. நான்கு மடிப்பு சேரும் மூலையில் மோட்டர் முனகியது. அங்கே நிறுத்தி, கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் முடித்தேன்.