கமிஷன் இணைப்பா? முதல் வரியிலேயே சொல்லுங்கள்

யூடியூப் விளக்கக் குறிப்பில் கமிஷன் தரும் இணைப்பைச் சேர்க்கும்போது, “இதன் வழியே வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்” என்பதை இணைப்புக்கு மேலே, முதல் வரியிலேயே தமிழில் எழுதுவதோடு, பொருளைக் காட்டும் இடத்தில் வாயாலும் திரையிலும் சொல்லிவிடுங்கள். விளக்கக் குறிப்பு மடிந்தே தோன்றுவதால் அடியில் எழுதியதைப் பலர் பார்ப்பதில்லை. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அறிவிப்பு காணொளிக்குள்ளேயே, பரிந்துரை பேசப்படும் மொழியிலேயே இருக்க வேண்டும் என்கிறது.

காணொளியில் பயன்படுத்திய மிக்சிக்கு இணைப்பு கிடைக்கவில்லையென்றால், கமிஷனுக்காக வேறு மாடலின் இணைப்பை ஒட்டாமல், அந்த மிக்சியின் மாடல் பெயரை மட்டும் எழுதுங்கள். பார்ப்பவர் நம்புவது திரையில் ஓடிய மிக்சியைத்தான்.

கமிஷனோ இலவசப் பொருளோ வேறு ஆதாயமோ இல்லாத சாதாரண இணைப்புக்கு இந்த அறிவிப்பு தேவையில்லை. சொந்தப் பணத்தில் வாங்கிய பொருளானாலும், இணைப்பு கமிஷன் தருமானால் தேவை.