செயல்திட்ட மதிப்பெண் வராதபோது இடைக்கால மொத்தத்தைக் கணக்கிடுவது எப்படி?

வீட்டுப்பாடம் 20, தேர்வு 50, செயல்திட்டம் 30 என்று எடை வைத்திருக்கிறீர்கள். செயல்திட்டம் இன்னும் யாருக்கும் திருத்தப்படவில்லை. ஒரு மாணவி வீட்டுப்பாடத்தில் 90%, தேர்வில் 80% வாங்கியிருக்கிறாள். அப்படியே கூட்டினால் 18 + 40 = 58 வரும். பார்ப்பவர்கள் அவள் தடுமாறுகிறாள் என்றே நினைப்பார்கள்.

அந்த 30-ஐ இரண்டுக்கும் பதினைந்து பதினைந்தாகப் பிரித்துப் போடவும் கூடாது. முதலில் தேர்வின் எடை வீட்டுப்பாடத்தைப் போல இரண்டரை மடங்கு. பிரித்த பிறகு 65-க்கு 35, இரண்டு மடங்குகூட இல்லை. விகிதம் மாறாமல் இருக்க, கிடைத்த 58-ஐ மீதமுள்ள எடையான 70-ஆல் வகுத்தால் போதும்: 82.9%.

விரிதாளில் B2:B4-இல் எடையும் C2:C4-இல் சதவீதமும் இருந்தால்:

```
=SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUMIF(C2:C4,">=0",B2:B4)
```

திருத்தாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். அங்கே 0 போட்டால் அதுவும் மதிப்பெண்ணாகிவிடும், மொத்தம் மறுபடி 58-க்கு இறங்கும். பலர் சறுக்குவது இங்கேதான். ஆனால் வகுப்பில் மற்றவர்களுக்குத் திருத்தியாகி, ஒருவர் மட்டும் ஒப்படைக்கவில்லை என்றால் அவருக்கு 0-தான். காலியாக விட்டால் ஒப்படைக்காதவருக்கு லாபம்.

"தற்காலிகம்" என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். செயல்திட்டத்தில் அவள் 60% வாங்கினால் இறுதி மொத்தம் 76.