கருத்தாய்வைத் திங்கள் இரவு 8 மணிக்கு மூடுங்கள்

பல நாட்டுத் தமிழர்களுக்கு ஒரே இணையக் கருத்தாய்வு நடத்தினால், கெடுவை ‘உங்கள் ஊரில் ஞாயிறு இரவு வரை’ என்று போடுங்கள். கோலாலம்பூரில் இருக்கும் நீங்கள் படிவத்தைத் திங்கள் இரவு 8 மணிக்கு மூடினால் போதும். உலகில் ஞாயிறு கடைசியாக முடியும் நேர மண்டலத்தில் அப்போதுதான் நள்ளிரவு. நம் ஞாயிறு நள்ளிரவுக்கே மூடினால், கோடைக்காலத்தில் டொராண்டோவில் அது நண்பகல். சாயங்காலம் நிதானமாக நிரப்புகிறவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

அப்புறம், வசிக்கும் நாட்டை முதல் கேள்வியாக வையுங்கள். எந்த நாட்டுப் பதில் குறைகிறது என்பது பாதியிலேயே தெரியும், அங்கே மட்டும் நினைவூட்டலாம்.

கைப்பேசியில் படிவம் நிரப்பாத தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது உதவாது. அவர்களை நேரில்தான் கேட்க வேண்டும்.