பட்டறைக்கு நிலம் வாங்கினீர்களா? பத்திரச் செலவை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

கோவையில் சின்னப் பட்டறைகளுக்கு கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. நாலைந்து வருடம் வாடகை ஷெட்டில் லேத் ஓட்டிவிட்டு, கொஞ்சம் காசு சேர்ந்ததும் பத்து சென்ட் வாங்கிச் சொந்தமாக ஷெட் போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். நிலம் வாங்கிய வருடத்துக் கணக்கு என் மேஜைக்கு வரும்போது, பத்தில் ஏழெட்டில் ஒரே தவறு இருக்கும். நிலத்தின் விலையை மட்டும் நிலக் கணக்கில் எழுதிவிட்டு, முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், வக்கீல் ஃபீஸ் எல்லாவற்றையும் அந்த வருடத்துச் செலவில் தள்ளியிருப்பார்கள்.

ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பது புரிகிறது. வக்கீல் ஃபீஸ் என்றாலே செலவு, ரிஜிஸ்ட்ரேஷன் என்றாலே செலவு என்று மனதில் பதிந்துவிட்டது. பில்லின் தலைப்பைப் பார்த்து கணக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது தலைப்பை இல்லை, அந்தப் பணம் எதற்காகப் போனது என்பதை. அந்த முத்திரைத் தீர்வை கட்டாமல் நிலம் உங்கள் பெயருக்கு வராது, கட்டியதைத் திரும்ப வாங்கவும் முடியாது. அப்படியானால் அதுவும் நிலத்தின் விலைதான். கணக்கியல் தரநிலை 10 சொல்வதும் இதையே: சொத்தைக் கைக்குக் கொண்டுவர நேரடியாக ஆன செலவும், திரும்பக் கிடைக்காத வரியும் சொத்தின் அடக்கத்தில் சேரும்.

தொகையும் சின்னது இல்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். (பதிவுக் கட்டணம் முன்பு 4 ஆக இருந்தது, 2023 ஏப்ரலில் 2 ஆனது.) ஆக மொத்தம் 9 சதவீதம். அதுவும் நீங்கள் கொடுத்த விலைக்கா, அரசின் வழிகாட்டி மதிப்புக்கா என்றால், எது அதிகமோ அதற்கு.

நான் திருத்திய ஒரு கணக்கைச் சொல்கிறேன், தொகைகளை மட்டும் சுலபமாக மாற்றியிருக்கிறேன். இரண்டு பங்குதாரர்கள், லேத் பட்டறை. நிலத்தின் விலை 30,00,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு 32,00,000. தீர்வை 32 லட்சத்துக்குத்தான் கணக்கிட்டார்கள்: முத்திரைத் தீர்வை 2,24,000, பதிவுக் கட்டணம் 64,000. பத்திரம் எழுதியவருக்கு 8,000, புரோக்கருக்கு 30,000, சர்வேயும் பட்டா மாறுதலும் சேர்த்து 4,000. வக்கீல் ஒரே பில்லாக 30,000 கொடுத்திருந்தார். விலையைத் தவிர்த்து இவை மொத்தம் 3,60,000. இது முழுக்கச் செலவில் போயிருந்தது.

அந்த வருடம் அவர்கள் உண்மையில் சம்பாதித்த லாபம் 6,20,000. புத்தகத்தில் தெரிந்தது 2,72,000. இது வெளியே வந்ததே பேங்க்கில்தான். சிசி லிமிட் புதுப்பிக்கப் போன இடத்தில் மேனேஜர் முந்தைய வருடத்துக் கணக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விற்பனை ஏறியிருக்கிறது, லாபம் பாதிக்கும் கீழே போயிருக்கிறதே, என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். பெரிய பங்குதாரர் என்னிடம் வந்து, "வேலை நல்லாத்தான் போச்சு சார், எங்க போச்சுன்னு எனக்கே தெரியல" என்றார். எங்கும் போகவில்லை. நிலத்தில் இருந்தது, புத்தகத்தில்தான் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. வருமான வரியிலும் இது நிற்காது. மூலதனச் செலவை வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது, கணக்கு ஆய்வுக்குப் போனால் அதைத் திரும்பக் கூட்டி வரியும் வட்டியும் கேட்பார்கள்.

சரி, அப்படியானால் 3,60,000 ரூபாயையும் அப்படியே நிலத்தில் ஏற்றிவிடலாமா? அதுவும் தவறு. வக்கீல் பில்லைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்டோம். 18,000 இந்த நிலத்தின் தாய்ப்பத்திரம், வில்லங்கம் பார்த்து கருத்துரை கொடுத்ததற்கு. 7,000 இதற்கு முன் பார்த்த வேறொரு இடத்துக்கு, அதில் வாரிசுச் சிக்கல் இருந்ததால் விட்டுவிட்டார்கள். 5,000 பேங்க் கடனுக்கான அடமானப் பத்திர வேலைக்கு.

முதலாவது நிலத்தில் சேரும். இரண்டாவது சேராது, வாங்காத நிலத்துக்கு ஆன செலவு வாங்கிய நிலத்தின் விலையை ஏற்றாது, அது அந்த வருடச் செலவு. மூன்றாவது கடன் வாங்கியதற்கான செலவு, கடன் கணக்கோடு போக வேண்டியது, கடன் காலத்துக்குப் பிரித்து எழுதுவார்கள், தொகை சின்னதாக இருந்தால் அந்த வருடமே எழுதிவிடுவதும் உண்டு. இதில் அதிகம் பேர் தடுமாறுவது மூன்றாவதில்தான். கிரயம் நடந்த அன்றைக்கே, அதே சார் பதிவாளர் அலுவலகத்தில், பேங்க்குக்காக உரிமைப் பத்திரங்களை ஒப்படைக்கும் ஆவணத்தையும் பதிவு செய்வார்கள். அதற்கும் முத்திரைத் தீர்வை உண்டு, பதிவுக் கட்டணம் உண்டு. இரண்டு ரசீதும் ஒரே கவரில் வரும், ஒரே மாதிரி இருக்கும். ரசீதில் ஆவணத்தின் வகையைப் படிக்காமல் மொத்தத்தையும் கூட்டி நிலத்தில் போட்டுவிடுகிறார்கள். நிலத்தை ரொக்கமாக வாங்கியிருந்தால் இந்தச் செலவு வந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். வந்திருக்காது என்றால் அது நிலத்தில் சேராது.

திருத்திய பிறகு பதிவு இப்படி வந்தது:

```
நிலம் க/கு            ப   33,48,000
வக்கீல் கட்டணம் க/கு   ப      12,000
    வங்கி க/கு        வ   33,60,000
```

இந்த 33,48,000-ல் 30 லட்சம் விலை, மீதி 3,48,000 தீர்வை, பதிவு, பத்திரம் எழுதிய கூலி, வக்கீலின் 18,000, புரோக்கர், சர்வே. அந்த 12,000 கைவிட்ட இடத்துக்கும் கடன் பத்திரத்துக்கும். வழிகாட்டி மதிப்பான 32 லட்சம் இங்கே எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தீர்வை அதன் மேல் கட்டினோம் என்பதற்காக நிலத்தையே 32 லட்சத்துக்கு எழுதி, மிச்ச 2 லட்சத்தை மூலதனக் கணக்கில் வரவு வைத்திருந்ததை ஒரு முறை பார்த்திருக்கிறேன். கொடுத்தது 30 என்றால் எழுத வேண்டியதும் 30. (விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் இடைவெளி விலையில் 10 சதவீதத்தைத் தாண்டினால், அந்த வித்தியாசத்தை வாங்கியவரின் வருமானமாகவே வரித்துறை எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அப்படி ஒரு நிலம் அமைந்தால் பத்திரத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.)

அடுத்த தவறு இதற்கு நேர் எதிர்ப்பக்கம். 'புதிய பட்டறை' என்று ஒரு கணக்கைத் திறந்து நிலம், தீர்வை, ஷெட் கட்டிய செலவு, காம்பவுண்டு, மெஷின் ஃபவுண்டேஷன் எல்லாவற்றையும் அதில் கொட்டுவது. ஒரே திட்டம்தானே என்று தோன்றும். ஆனால் வருடக் கடைசியில் தேய்மானம் போட உட்காரும்போது மாட்டிக்கொள்வோம். கட்டடத்துக்கு வருமான வரியில் 10 சதவீதம் தேய்மானம் உண்டு, நிலத்துக்குக் கிடையவே கிடையாது. நிலத்துக்கான தீர்வையும் நிலமே, அதனால் அதற்கும் கிடையாது. மேலே சொன்ன 3,48,000 கட்டடத்தில் கலந்திருந்தால் முதல் வருடம் 34,800 ரூபாய், பிறகு மீதி மதிப்பில் 10 சதவீதம் என்று இல்லாத தேய்மானத்தைக் கழித்துக்கொண்டே வந்திருப்பார்கள், அதை நாலு வருடம் கழித்துப் பிரித்தெடுப்பது பெரிய பாடு.

நிலத்தோடு பழைய ஷெட்டும் சேர்ந்து வந்தால் மட்டும் பிரிக்கத்தான் வேண்டும். அந்த ஷெட்டையே பட்டறையாகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று வையுங்கள். மொத்த விலை 40 லட்சம், மதிப்பீட்டாளர் நிலம் 36, ஷெட் 4 என்கிறார். தீர்வையும் மற்றதும் 3,60,000 என்றால் அதே ஒன்பதுக்கு ஒன்று கணக்கில் 3,24,000 நிலத்துக்கும் 36,000 கட்டடத்துக்கும் போகும். வாங்கியதே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத்தான் என்றால் பிரிக்க எதுவும் இல்லை, முழுத் தொகையும் நிலம். இடித்த கூலியும் அதிலேயே சேரும், பழைய இரும்பு விற்ற காசு அதில் கழியும்.

அப்புறம் இன்னொன்று, இது தவறு என்றே பலருக்குத் தெரியாது. விலையை நிறுவனத்தின் பேங்க்கிலிருந்து கொடுப்பார்கள். தீர்வையை முதலாளி தன் சொந்த சேவிங்ஸ் கணக்கிலிருந்து tnreginet.gov.in தளத்தில் கட்டிவிடுவார், அன்றைக்கு அவசரம். அந்தத் தொகை பட்டறையின் புத்தகத்துக்கு வரவே வராது. நிலக் கணக்கில் பற்று, அவருடைய மூலதனக் கணக்கில் வரவு என்று ஒரு ஜர்னல் போட்டால் முடிந்தது. எனக்கு இது எப்படித் தெரியவரும் என்றால், நிலக் கணக்கைத் திறந்து விலையையும் கூடுதலாக எழுதியதையும் பார்ப்பேன். கூடுதல் தொகை விலையில் 9 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏதோ ஒரு ரசீது வெளியே கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு விஷயம் மட்டும்: பத்திரம் பங்குதாரரின் சொந்தப் பெயரில் இருந்தால் கதை தலைகீழ். நிறுவனம் கட்டிய தீர்வை அப்போது நிறுவனத்தின் நிலம் ஆகாது, அவர் எடுத்த பணம். பத்திரத்தில் வாங்குபவர் பெயரைப் படிக்காமல் பதிவு போடாதீர்கள்.

மார்ச் மாதத்தில் வாங்கினால் தேதியையும் பார்க்க வேண்டும். 28 மார்ச் அன்று தீர்வை கட்டி, பத்திரப் பதிவுக்கு டோக்கன் ஏப்ரல் 3-க்குக் கிடைத்தால், 31 மார்ச் அன்று அந்தப் பணம் செலவும் இல்லை, நிலமும் இல்லை. நிலத்துக்கான முன்பணம் என்று இருப்புநிலைக் குறிப்பில் நிற்கட்டும், பத்திரம் பதிவான அன்று நிலத்துக்கு மாற்றிவிடலாம்.

கடைசியாக, பதிவான பிறகு வரும் தொகை. காட்டிய மதிப்பு குறைவு என்று சார் பதிவாளர் நினைத்தால் முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவில் மதிப்பை நிர்ணயிக்க அனுப்பிவிடுவார். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் அடுத்த நிதியாண்டில்தான் வரும். அப்போது கட்டும் குறைவுத் தீர்வையை, நிலக் கணக்கு போன வருடமே முடிந்துவிட்டதே என்று செலவில் எழுதுகிறார்கள். அது நிலத்தில்தான் ஏற வேண்டும், வருடம் மாறியதால் அதன் குணம் மாறாது. தாமதத்துக்கு வட்டியோ அபராதமோ சேர்த்துக் கட்டியிருந்தால் அதை மட்டும் தனியே பிரித்துச் செலவில் எழுதுங்கள், நிலத்தில் சேர்க்காதீர்கள்.

அந்தக் குறைவுத் தீர்வை ரசீதையும், பிரித்துத் தந்த வக்கீல் பில்லையும், தீர்வை கட்டிய செல்லானையும் பத்திர நகலோடு ஒரே ஃபைலில் வையுங்கள். 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கிய நிலத்தை விற்கும்போது விலைவாசிக் குறியீட்டை வைத்து அடக்கத்தை ஏற்றிக்கொள்ள வழியில்லை, இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அன்றைக்கு விற்ற விலையிலிருந்து 30,00,000 கழிப்பீர்களா, 33,48,000 கழிப்பீர்களா என்பதை அந்த ஃபைல்தான் தீர்மானிக்கும்.